எடைச் சீட்டைக் கூட்ட எந்த மரம்: ஃபென்விக்கா, செக்மென்ட்டா?

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில் ஒரு எடை ஷெட் இருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் காலையிலிருந்து பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி மதியத்துக்கு மேல் அங்கே கொண்டுவருவார்கள். தராசில் ஏற்றி எடை பார்த்ததும் ஒரு சீட்டு கையில் கிடைக்கும். சீட்டுக்கு வரிசை எண் உண்டு. ஏப்ரல் 1-ஆம் தேதி ஒன்றில் தொடங்கி மார்ச் கடைசிவரை அது ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 400 சீட்டு, வருடத்தில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 1,20,000 சீட்டு. அந்தச் சீட்டுகளுக்கான புரோகிராமை எழுதியது நான். இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

புரோகிராமிடம் கேட்கப்படுவது இரண்டே விஷயம். ஒன்று, இந்தச் சீட்டிலிருந்து அந்தச் சீட்டுவரை மொத்தம் எத்தனை கிலோ. ஒரு லாரியில் ஏறும் சாக்குகள் வரிசையாகத்தான் ஏறும். அதனால் ஒரு லோடு என்பது அடுத்தடுத்த சீட்டுகளின் கூட்டுத்தொகை. இன்னொன்று, ஏற்கெனவே போட்ட ஒரு சீட்டைத் திருத்துவது. மழை நாளில் கொழுந்து ஈரமாக வந்தால் எடை கூடுதலாகக் காட்டும், அதற்குக் கழிவு உண்டு. சில நாள் கழிவைப் பிடிக்க மறந்து, மறுநாள் திருத்துவார்கள். 42 என்பதை 24 என்று அடித்திருப்பார்கள், அதையும் திருத்த வேண்டும்.

கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்தப் புரோகிராமைப் பார்த்தாள். "சித்தப்பா, கூட்டலும் ஒற்றைத் திருத்தமும்தானே? ஃபென்விக் ட்ரீ போட்டால் பத்து வரியில் முடிஞ்சிடும். எதுக்கு செக்மென்ட் ட்ரீ?" என்று கேட்டாள். புரோகிராமிங் போட்டிக்குத் தயார் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அவள் சொன்னது தப்பும் இல்லை. ஆனாலும் நான் செக்மென்ட் ட்ரீயைத்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்பதை அவளுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், பகுதிக் கூட்டுத்தொகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்துவைக்கும் இந்த மரமே வேண்டுமா என்று பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு நூறு கேள்வி வரும் என்றால் வேண்டாம். ஒரு சாதாரண அர்ரேயில் எடைகளை வைத்துக்கொண்டு, கேட்கும்போது கூட்டிக் கொடுத்தால் போதும். எனக்கு இடித்தது வருடக் கடைசிக் கணக்கில். ஏறக்குறைய 10,000 திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்தச் சீட்டுவரையான மொத்தத்தை எழுத வேண்டும். சராசரியாக 60,000 எண்களைக் கூட்டினால், 10,000 தடவைக்கு 60 கோடி கூட்டல். கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாமே என்றால், கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். ஆனால் ஒரு சீட்டைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் தொகைகளையும் மாற்ற வேண்டும். சுமை இடம் மாறுகிறதே தவிரக் குறையவில்லை. மரம் போட்டால் ஒரு திருத்தத்துக்கு 17 படி, ஒரு கேள்விக்கு அதே அளவு. மொத்தம் மூன்றரை லட்சம் படிக்குள் முடிந்துவிடுகிறது. இந்த 17 எங்கிருந்து வருகிறது என்றால், 1,20,000-ஐத் திரும்பத் திரும்ப இரண்டால் வகுத்தால் 17 தடவையில் ஒன்றுக்கு வந்துவிடும்.

இந்த லாபம் இரண்டு மரத்துக்கும் பொது. வேகத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை எட்டுச் சீட்டுகளை வைத்துக் காட்டுகிறேன். ஒரு மதியத்தின் முதல் எட்டு எடைகள், கிலோவில்: 24, 31, 18, 42, 27, 15, 36, 22. மொத்தம் 215.

செக்மென்ட் ட்ரீயில் இந்த எட்டும் இலைகளாக அடியில் நிற்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு இலைகளின் கூட்டுத்தொகை அவற்றுக்கு மேலே: 55, 60, 42, 58. அதற்கு மேலே 115, 100. உச்சியில் 215. மூன்றாம் சீட்டிலிருந்து ஏழாம் சீட்டுவரை எவ்வளவு என்று கேட்டால், 3, 4-ஆம் சீட்டுகளுக்கு 60 என்ற முனை தயாராக இருக்கிறது. 5, 6-க்கு 42 இருக்கிறது. 7-க்கு அதன் இலையே, 36. கூட்டினால் 138.

ஃபென்விக் ட்ரீயில் இத்தனை முனைகள் இல்லை. எட்டுச் சீட்டுக்கு எட்டே அறை. ஒவ்வோர் அறையும் எத்தனை சீட்டுகளைச் சுமக்கிறது என்பதை அதன் எண்ணே சொல்லிவிடுகிறது. எண்ணை பைனரியில் எழுதி, கடைசியில் நிற்கும் 1-இன் மதிப்பைப் பார்த்தால் போதும். 6 என்பது 110, கடைசி 1-இன் மதிப்பு 2, ஆக ஆறாம் அறையில் 5, 6 என்ற இரண்டு சீட்டுகளின் தொகை இருக்கும். 4 என்பது 100, அதில் முதல் நான்கு சீட்டுகள். ஒற்றைப்படை எண்ணுள்ள அறைகளில் ஒரே சீட்டு. நம் எடைகளுக்கு அறைகள் இப்படி நிற்கும்: 24, 55, 18, 115, 27, 42, 36, 215.

இந்த மரத்துக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று: முதல் சீட்டிலிருந்து இதுவரை எவ்வளவு. ஏழுவரை வேண்டுமென்றால் 7, 6, 4 அறைகளைக் கூட்ட வேண்டும்: 36, 42, 115, ஆக 193. இரண்டுவரை 55. மூன்றிலிருந்து ஏழுவரை என்ற கேள்விக்கு 193-இல் 55-ஐக் கழித்தால் 138. அதே விடைதான். செக்மென்ட் ட்ரீ அதைக் கூட்டியே எடுத்தது, ஃபென்விக் கழித்து எடுத்தது. இந்தக் கழித்தலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து திருத்தம். ஐந்தாம் சீட்டு 27 கிலோ என்று போட்டாயிற்று, ஈரத்துக்கு 6 கிலோ கழித்து 21 ஆக்க வேண்டும். ஃபென்விக்கில் இதற்கான வரிகள் இவ்வளவுதான். `t` என்பது அறைகள், `n` என்பது சீட்டுகளின் எண்ணிக்கை, `i & -i` என்பது முன்பு சொன்ன கடைசி 1-இன் மதிப்பு:

```python
def add(i, d):
    while i <= n:
        t[i] += d
        i += i & -i

def prefix(i):
    s = 0
    while i > 0:
        s += t[i]
        i -= i & -i
    return s
```

`add(5, -6)` என்று கூப்பிட்டால் 5, 6, 8 ஆகிய மூன்று அறைகளில் ஆறு குறையும். அவை 21, 36, 209 ஆகும். மற்ற அறைகளில் ஐந்தாம் சீட்டு இல்லை, அவற்றைத் தொட வேண்டியதும் இல்லை. எழுதிப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேலை செய்யும் கோடு அதிகம் கிடையாது.

செக்மென்ட் ட்ரீயை அடியிலிருந்து மேலே போகிற மாதிரி எழுதினால் அதுவும் பெரிதாக இல்லை. பலர் நினைப்பது மேலிருந்து இறங்கும் ரிகர்ஷன் வடிவத்தை. அதற்குப் பொதுவாக நான்கு மடங்கு இடம் ஒதுக்குவார்கள். கீழே உள்ளதற்கு இரண்டு மடங்கு போதும்:

```python
def put(i, v):
    i += n
    s[i] = v
    while i > 1:
        i //= 2
        s[i] = s[2*i] + s[2*i+1]

def total(l, r):
    l += n
    r += n
    ans = 0
    while l < r:
        if l & 1:
            ans += s[l]
            l += 1
        if r & 1:
            r -= 1
            ans += s[r]
        l //= 2
        r //= 2
    return ans
```

இங்கே சீட்டுகள் 0-விலிருந்து எண்ணப்படுகின்றன, `r` கணக்கில் சேராது. மூன்றிலிருந்து ஏழுவரை என்பது `total(2, 7)`. இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லையென்றால் ஒவ்வொரு லோடிலும் கடைசிச் சாக்கு விட்டுப்போகும். திருத்தம் `put(4, 21)`. இலை 21 ஆகும், அதன் மேலே 36, அதற்கு மேலே 94, உச்சியில் 209.

இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு -6 என்று கொடுத்தோம், மற்றொன்றுக்கு 21 என்று கொடுத்தோம். என் தேர்வு முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. ஃபென்விக்குக்கு எவ்வளவு மாறியது என்று சொல்ல வேண்டும். செக்மென்ட் ட்ரீக்கு இப்போது என்ன என்று சொன்னால் போதும்.

ஃபென்விக் ட்ரீ ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் பீட்டர் ஃபென்விக் 1994-இல் அதை விவரித்தது டேட்டா கம்ப்ரெஷனுக்காக. ஓர் எழுத்து எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கைகளையும், அவற்றின் தொடர் கூட்டுத்தொகைகளையும் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை அது. ஓர் எழுத்து வந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். அந்த வேலையில் உள்ளே வருவதே மாற்றம்தான், +1. புதிய எண்ணிக்கை என்ன என்று யாரும் வெளியிலிருந்து சொல்வதில்லை. அதே யோசனையை போரிஸ் ரியாப்கோ 1989-லேயே எழுதியிருந்தார். பெயர் மட்டும் ஃபென்விக்குக்குப் போய்விட்டது. செக்மென்ட் ட்ரீயின் கதை வேறு. 1977-இல் ஜான் பென்ட்லி பல செவ்வகங்கள் சேர்ந்து மூடும் பரப்பளவைக் கணக்கிடப் பயன்படுத்திய அமைப்பிலிருந்து வந்த பெயர் அது.

எடை ஷெட்டில் உள்ளே வருவது மாற்றம் அல்ல, புதிய சீட்டு. "சீட்டு 5, எடை 21" என்றுதான் வரும். அந்த இடத்தில் ஃபென்விக்கை வைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் முதலில் வைத்தது அதைத்தான்.

மழைக்காலத்தில் அந்த வளைவில் போன் சிக்னல் வரும், போகும். ஷெட்டில் இருக்கும் பையன் திருத்தத்தைச் சேமித்தால், பதில் வராதபோது போன் அதே செய்தியை மறுபடி அனுப்பும். முதல் தடவை அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் திரும்பி வந்திருக்காது. ஃபென்விக்கில் `add(5, -6)` இரண்டு தடவை ஓடியது. ஐந்தாம் சீட்டு 15 ஆகி, மொத்தம் 203 ஆனது. திரையில் எந்தப் பிழையும் காட்டவில்லை. தொழிற்சாலையில் லாரியை எடை போட்டபோது எங்கள் கணக்கைவிட அங்கே கூடுதலாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஈரமில்லாத நாட்களில் கணக்கு சரியாக இருந்ததும், மழை நாளில் மட்டும் விலகியதும்தான் கடைசியில் துப்புக் கொடுத்தது. மழை நாளில்தான் கழிவும் அதிகம், சிக்னலும் மோசம்.

`put(4, 21)` இரண்டு தடவை ஓடினால் ஒன்றும் ஆகாது. இருபது தடவை ஓடினாலும் ஐந்தாம் சீட்டு 21 தான்.

இதற்கு ஃபென்விக் பக்கத்திலிருந்து ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எடைகளைத் தனியாக ஓர் அர்ரேயில் வைத்துக்கொண்டு, புதியது வரும்போது பழையதைக் கழித்து மாற்றத்தை நாமே கணக்கிடலாம்:

```python
def put(i, v):
    add(i, v - a[i])
    a[i] = v
```

இப்படி எழுதினால் இரண்டாம் தடவை மாற்றம் பூஜ்யம், சிக்கல் தீர்ந்தது. அண்ணன் மகளும் இதைத்தான் சொன்னாள். ஆனால் இப்போது `t`-யும் `a`-வும் சேர்ந்து சீட்டுக்கு இரண்டு அறைகள் ஆகிவிட்டன. செக்மென்ட் ட்ரீயும் சீட்டுக்கு இரண்டு அறைதான். பாதி இடம் என்ற ஃபென்விக்கின் பெருமை இந்த வரியோடு போய்விடுகிறது. வேண்டுமானால் `a` இல்லாமல், பழைய எடையை `prefix(i) - prefix(i-1)` என்று மரத்திலிருந்தே எடுக்கலாம். இடம் மிச்சமாகும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேலை கூடும். உண்மையில் 1,20,000 சீட்டுக்கு ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் ஓர் அர்ரே ஒரு மெகாபைட்கூட இல்லை. அதில் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அதைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அது தசம எண்கள் வரும்போது தெரியும்.

ஷெட்டின் தராசு 24.3 என்று காட்டும். அதை அப்படியே டபுளில் வைத்தால், 0.1-ஐ பைனரியில் முழுமையாக எழுத முடியாது என்பதால் பெரும்பாலான எண்களில் மிகச் சின்ன விலகல் இருக்கும். கூட்டும்போது இந்த விலகல் வருவது இரண்டு மரத்துக்கும் பொது. ஆனால் செக்மென்ட் ட்ரீ ஒவ்வொரு திருத்தத்திலும் முனைகளைப் பிள்ளைகளிலிருந்து புதிதாகக் கூட்டி எழுதுகிறது. முன்பு என்ன இருந்தது என்பது அழிந்துபோகிறது. ஃபென்விக்கில் முன்பு இருந்ததன் மேல்தான் மாற்றம் ஏறுகிறது, அதனால் ஒவ்வொரு திருத்தத்தின் விலகலும் அறையிலேயே தங்கி அடுத்ததோடு சேர்ந்துகொள்கிறது.

கிராம் கணக்கில் இது கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற மாதிரி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். சாக்கில் ஒட்டிய நீண்ட எண்ணை ஸ்கேனர் தவறி எடைப் பெட்டியில் போட்டுவிட்டது, ஐந்தாம் சீட்டின் எடை 27-க்குப் பதில் 1-உம் பின்னால் 17 பூஜ்யமும் ஆகிவிட்டது. உடனே கவனித்து 21 என்று திருத்திவிட்டார்கள். இரண்டே திருத்தம்.

அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் டபுளால் 16, 16 ஆகத்தான் தாண்ட முடியும். நடுவில் உள்ள எண்களுக்கு அங்கே இடமில்லை. முதல் திருத்தத்தின் மாற்றம் 27 குறைவாக இருக்க வேண்டியது, 32 குறைவாக மாறுகிறது. எட்டாம் அறையில் 215-உம் இதுவும் சேர்ந்து, அந்தப் பெரிய எண்ணுக்கு மேலே 183 வர வேண்டியது 176 ஆகிறது. இரண்டாம் திருத்தத்தில் 21 என்பது 16 ஆகிறது. கடைசியில் எட்டாம் அறையில் நிற்பது 192. நிற்க வேண்டியது 209. ஆறாம் அறையில் 36-க்குப் பதில் 32, ஐந்தாம் அறையில் 21-க்குப் பதில் 16. சீட்டைப் பார்த்தால் 21 என்று சரியாக இருக்கிறது, மரம் மட்டும் 17 கிலோவைத் தொலைத்துவிட்டது. இனி எத்தனை சரியான திருத்தம் வந்தாலும் அந்த 17 கிலோ திரும்பாது. மரத்தை முதலிலிருந்து கட்டினால்தான் உண்டு.

செக்மென்ட் ட்ரீயில் இதே தவறு நடந்தால், தவறான எண் இருக்கும்வரை மேலே உள்ள முனைகள் கெட்டிருக்கும். 21 வந்தவுடன் இலையில் 21, மேலே 21-உம் 15-உம் சேர்ந்து 36, அப்புறம் 94, 209. எல்லாம் பழையபடி. நடந்ததற்கு அடையாளமே இருக்காது.

இதற்கும் வழி இருக்கிறது, இரண்டு மரத்துக்குமே அதுதான் நல்ல வழி: எடையைக் கிராமில், முழு எண்ணாக வையுங்கள். 24.3 கிலோ என்பது 24300. முழு எண்ணில் கூட்டிக் கழித்தால் எதுவும் தொலையாது. மேலே சொன்ன பெரிய எண் வந்தாலும் பைதானில் ஃபென்விக்கும் சரியாக 209 கிலோவுக்குத் திரும்பிவிடும். பைதானில் முழு எண்ணுக்கு அளவே இல்லை. சி++ இல் எழுதுகிறவர்கள் மட்டும் சாதாரண `int` போடாதீர்கள். சராசரி 27 கிலோ என்றாலும் 1,20,000 சீட்டு சேர்ந்தால் 324 கோடி கிராம். `int` தாங்குவது 214 கோடி சொச்சம். ஏப்ரலில் ஒழுங்காக ஓடும் புரோகிராம் நவம்பர், டிசம்பரில் மொத்தத்தை மைனஸில் காட்ட ஆரம்பிக்கும். `long long` போட்டால் இந்தக் கவலை இல்லை.

ஃபென்விக்கில் இன்னொரு சின்னப் பொறி. அதில் அறைகள் 1-இலிருந்து தொடங்கியாக வேண்டும். பழக்கதோஷத்தில் `add(0, 24)` என்று கூப்பிட்டால், 0-வில் கடைசி 1 என்பதே இல்லாததால் `i` நகராது, லூப் முடிவே இல்லாமல் சுற்றும். பிழைச் செய்தி வராது, புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது போல இருக்கும். திரை உறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, அடுத்து வருகிற கேள்விகளையும் யோசிக்க வேண்டும். கூட்டுத்தொகையில் தொடங்குகிற யாரும் கூட்டுத்தொகையோடு நிறுத்துவதில்லை. எங்கள் ஷெட்டில் இரண்டாம் வருடமே கேட்டார்கள்: இந்த லோடில் ஒரே சீட்டில் வந்த அதிகபட்ச எடை எவ்வளவு? ஒருவர் பெயரில் நாலு பேர் இலை போடுகிறார்களா என்று பார்க்கத்தான். முன்பு ஞாபகத்தில் வைக்கச் சொன்ன கழித்தல் இங்கே தடுக்கிறது. ஏழுவரை அதிகபட்சம் 42, இரண்டுவரை அதிகபட்சம் 31. இந்த இரண்டிலிருந்து மூன்றுமுதல் ஏழுவரை உள்ள அதிகபட்சத்தைக் கழித்து எடுக்க வழியில்லை. கூட்டலுக்குக் கழித்தல் என்ற எதிர்ச்செயல் இருக்கிறது, அதிகபட்சத்துக்கு அப்படி ஒன்று இல்லை. செக்மென்ட் ட்ரீயில் `+` இருந்த இடத்தில் `max` என்று மாற்றி, விடையின் தொடக்க மதிப்பை 0-வாகவே வைத்தேன். எடை மைனஸில் வராது என்பதால் அது போதும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஆனால் சராசரி கேட்டால் அதற்காக மரம் மாற வேண்டியதில்லை. சராசரி என்பது இரண்டு கூட்டுத்தொகைகளின் வகுத்தல். நல்ல இலை சதவீதத்தின் சராசரி வேண்டுமென்றாலும் நல்ல இலையின் கிலோவுக்கு ஒரு ஃபென்விக், மொத்தக் கிலோவுக்கு ஒரு ஃபென்விக் என்று வைத்தால் போதும். புதிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் செக்மென்ட் ட்ரீக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதிலைக் கழித்து எடுக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

அதே போல, லாரி 2,000 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது, எந்தச் சீட்டில் அது தாண்டுகிறது என்ற கேள்விக்கும் இரண்டும் சமம். செக்மென்ட் ட்ரீயில் உச்சியிலிருந்து இறங்கலாம். ஃபென்விக்கில் பெரிய இரண்டின் அடுக்கிலிருந்து தொடங்கி, அறையின் தொகை மீதமுள்ளதற்குள் அடங்கினால் எடுத்துக்கொண்டு முன்னே தாண்டலாம். 17 தாண்டலில் விடை. இந்த ஓர் இடத்தில் ஃபென்விக்கின் கோடு செக்மென்ட்டைவிட அழகாக இருக்கும் என்பது என் எண்ணம். எடைகள் எதுவும் மைனஸாக இல்லாதவரை இரண்டுமே சரியாக வேலை செய்யும்.

இரண்டுமே கை விரிக்கும் இடமும் ஒன்று உண்டு. மூடுபனியில் கரண்ட் போய், சில எடைகளைக் காகிதத்தில் எழுதிவைத்து மறுநாள் கொடுப்பார்கள். அவை நேற்றைய சீட்டுகளுக்கு நடுவே நுழைய வேண்டும். நடுவில் ஒன்று நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாருடைய வரிசை எண்ணும் நகரும். இந்த இரண்டு மரங்களும் இருக்கிற இடத்தில் எடையை மாற்றத்தான் தெரிந்தவை, இடமே புதிதாக உண்டாவது இவற்றால் ஆகாது. நான் செய்தது ஒவ்வொரு லோடின் முடிவிலும் சில வெற்றுச் சீட்டு எண்களை ஒதுக்கிவைத்தது. அவற்றின் எடை பூஜ்யம், கூட்டுத்தொகையைத் தொடாது. காகிதச் சீட்டு வந்தால் அந்த எண்களில் ஒன்றுக்கு எடை ஏறும், மரத்தைப் பொறுத்தவரை அது இன்னொரு `put`. ஒரு வருடத்தில் லோடுகளின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி அர்ரேயைக் கொஞ்சம் பெரிதாக ஒதுக்கினால் சரி. நான் 1,31,072 என்று வைத்திருக்கிறேன். அது 2-இன் 17-ஆவது அடுக்கு என்பதால் முனைகளைக் காகிதத்தில் வரைந்து பார்க்கும்போது ஒழுங்காக அமையும்.

அண்ணன் மகளிடம் நான் சொன்னது இதுதான். போட்டியில் கணக்கு போடும்போது, எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடுகிற வேலை என்றால் ஃபென்விக்கையே எழுதும்மா. ஒரு வரிசையில் எத்தனை ஜோடிகள் இடம் மாறி நிற்கின்றன என்று எண்ணுவது மாதிரியான கணக்குக்கு அதைவிட நல்லது இல்லை. உள்ளே வருவது +1, எல்லாம் முழு எண், நாளைக்கு யாரும் அதிகபட்சம் கேட்கப்போவதில்லை. பத்து வரியில் தப்பு வர இடமும் குறைவு. ஆனால் வெளியிலிருந்து வருவது புதிய மதிப்பு என்றால், அது இரண்டு தடவை வரக்கூடும் என்றால், தசமம் இருக்கிறது என்றால், அடியிலிருந்து ஏறும் செக்மென்ட் ட்ரீயை எழுது. கூடுதலாக ஆகிற பத்து வரியை ஒரே தடவைதான் எழுதப்போகிறாய்.

"அப்ப ஃபென்விக்கில் `a` வச்சு, கிராமில் முழு எண்ணா வச்சா?" என்று விடாமல் கேட்டாள். அப்படி வைத்தால் கூட்டுத்தொகைக்கு இரண்டும் ஒன்றுதான், பிடித்ததை எழுது என்றேன். அவள் எழுதினாள். இப்போது ஷெட்டின் புரோகிராமில் இரண்டும் இருக்கின்றன. இரவு 10 மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அன்றைய லோடுகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று தொகைகளை எடுக்கும்: என் செக்மென்ட் ட்ரீயிலிருந்து ஒன்று, அவளுடைய ஃபென்விக்கிலிருந்து ஒன்று, எந்த மரமும் இல்லாமல் சீட்டுகளை நேரே கூட்டி ஒன்று. மூன்றில் ஒன்று விலகினாலும் அந்த லோடின் முதல் சீட்டு எண்ணும் கடைசிச் சீட்டு எண்ணும் என் போனுக்கு வரும்.